டிக்கட் கையில் இருக்கிறதா? பதிவுக் குறியீடும் டிக்கட் இலக்கமும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பகுதிகளிலிருந்து வெளிநாடு செல்லும் குடும்பங்கள் இரவு முழுக்க வேனில் பயணித்துத்தான் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைகின்றன. அங்கே போன பிறகு “உங்கள் பெயரில் டிக்கட் இல்லை” என்று தெரியவந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. இதை ஊரில் இருக்கும்போதே நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் ஒன்றல்ல

முகவர் கணினியில் உங்கள் பெயரில் ஆசனம் பதிந்தவுடன் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடு கிடைக்கும். உதாரணமாக `K7QM2X`. தாளில் `PNR` அல்லது `BOOKING REFERENCE` என்று இதற்குத் தலைப்பு இருக்கும். இது ஆசனத்தை உங்களுக்காகப் பிடித்து வைத்ததற்கான அடையாளம் மட்டுமே. இதைப் பெற முகவர் விமான நிறுவனத்துக்கு ஒரு சதமும் கட்டியிருக்க வேண்டியதில்லை. குறித்த கெடுவுக்குள் டிக்கட் வழங்கப்படாவிட்டால் விமான நிறுவனம் அந்தப் பதிவைத் தானாகவே நீக்கிவிடும்.

டிக்கட் இலக்கம் வேறு. அது 13 எண்களைக் கொண்டது, எழுத்துகள் வராது. முதல் மூன்று எண்கள் டிக்கட் எந்த விமான நிறுவனத்தினுடையது என்பதைக் காட்டும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்றால் 603, கட்டார் எயார்வேஸ் என்றால் 157, எமிரேட்ஸ் என்றால் 176. தாளில் இதன் தலைப்பு `E-TICKET NUMBER` அல்லது `TICKET NUMBER`. 2008 யூன் முதல் விமான நிறுவனங்கள் பழைய கடதாசி டிக்கட்டைக் கைவிட்டுவிட்டன. ஆகவே உங்கள் டிக்கட் என்பது விமான நிறுவனத்தின் கணினியில் இந்த இலக்கத்தின் கீழ் இருக்கும் பதிவுதான்.

ஓர் உதாரணம்

சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு தாய், ஒரு மகள், ஒன்றரை வயதுக் கைக்குழந்தை ஆகிய மூவரும் ஸ்ரீலங்கனில் தோஹா செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முகவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்புகிறார். அதில் மூவரின் பெயர், திகதி, நேரம், `K7QM2X`, `CONFIRMED` எல்லாம் இருக்கின்றன. 13 எண் எங்கும் இல்லை. `CONFIRMED` என்பது ஆசனத்தைப் பற்றிய சொல். பணம் கட்டப்பட்டதா என்பதை அது சொல்லாது. எனவே இது இன்னும் டிக்கட் அல்ல.

டிக்கட் வழங்கப்பட்டிருந்தால் மூவருக்கும் பதிவுக் குறியீடு ஒன்றாகவே இருக்கும். டிக்கட் இலக்கம் மட்டும் மூன்று இருக்கும். மடியில் இருத்திக்கொண்டு போகும் குழந்தைக்கும் தனி இலக்கம் உண்டு. அவை இப்படி இருக்கலாம்:

```
603-2418057361
603-2418057362
603-2418057363
```

இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் ஒருவருக்கு டிக்கட் இல்லை என்று பொருள்.

சரிபார்க்கும் முறை

தாளில் இலக்கம் இருப்பது மட்டும் போதாது. தாளை யாரும் தட்டச்சு செய்யலாம். விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் `MANAGE BOOKING` என்ற பகுதியைத் திறந்து, பதிவுக் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் கொடுங்கள். தாளில் பெயருக்கு நடுவே சாய்கோடு இருந்தால் அதற்கு முன்னால் உள்ளதே குடும்பப் பெயர். வீட்டில் அழைக்கும் பெயரைக் கொடுத்தால் பக்கம் திறக்காது. பெயர் சரியாக இருந்தும் திறக்காவிட்டால், முகவர் கொடுத்தது அவருடைய கணினி முறையின் குறியீடாக இருக்கலாம். விமான நிறுவனத்தின் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கம் திறந்துவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். டிக்கட் வழங்கப்படாத பதிவும் அங்கே திறக்கும். 13 எண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, “இந்தப் பதிவுக்கு டிக்கட் வழங்கப்பட்டிருக்கிறதா? ஒவ்வொருவருடைய இலக்கமும் என்ன?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணை உங்கள் தாளுடன் ஒப்பிடுங்கள்.

இதை இரண்டு தடவை செய்யுங்கள். வழங்கிய டிக்கட்டை அன்றைய தினமே முகவர் ரத்துச் செய்ய முடியும். அப்போது காலையில் உங்களுக்குக் காட்டிய இலக்கம் மாலையில் செல்லாததாகிவிடும். அதனால் மறுநாளும், பயணத்துக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பும் மீண்டும் பாருங்கள்.

சில மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் 13 எண் டிக்கட் இலக்கம் இல்லாமல் பதிவுக் குறியீட்டிலேயே இயங்குகின்றன. அங்கே கட்டணம் முழுதும் செலுத்தப்பட்டதா, பாக்கி ஏதும் இருக்கிறதா என்பதை விமான நிறுவனத்திடமே கேளுங்கள்.

இலக்கம் இல்லையென்றால்

ஊரில் உள்ள பல முகவர்கள் தாங்களே டிக்கட் வழங்குவதில்லை. கொழும்பிலுள்ள வேறொரு முகவர் ஊடாக எடுக்கிறார்கள். பணம் இடையில் தேங்கியிருக்கலாம். ஆகவே பதிவின் கெடு எந்தத் திகதி, எத்தனை மணி என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பணம் கொடுக்கும்போதே தொகை, திகதி, பயணிகளின் பெயர், பதிவுக் குறியீடு ஆகியவை எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். முடிந்தால் ஒரு பகுதியை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, மீதியை டிக்கட் இலக்கம் சரி என்று கண்ட பிறகு கொடுங்கள். கெடு கடந்தும் இலக்கம் வராவிட்டால், பொலிஸில் முறைப்பாடு செய்வதற்கு அந்தப் பற்றுச்சீட்டும் வாட்ஸ்அப் செய்திகளுமே உங்கள் சான்றுகள். அவற்றை அழிக்க வேண்டாம்.