நண்பனின் மெலிந்த காலும் உஹது மலையும்



கொல்லிமலை செம்மேட்டில் டீக்கடையில் உட்காரும் நண்பர்கள் "டேய் சொட்டை", "குள்ளா", "சோடாபுட்டி", "ஓமக்குச்சி" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரித்தால் அது பாசம். எங்கே அது காயமாகிறது?

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சிக்காக அராக் மரத்தில் ஏறியபோது, காற்றில் அவருடைய மெலிந்த கால்கள் தெரிந்தன. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எதிரிகள் அல்ல, தோழர்கள். நபி (ஸல்) அவர்கள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னதும், மறுமைத் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். இது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

அந்தச் சிரிப்பில் அவருக்குப் பங்கு இல்லை. மற்றவர்கள் சிரிக்க, அவர் காட்சிப்பொருளானார். கேலி காயமாகும் இடம் அதுதான்.

நம் நண்பரிடமும் அடையாளம் தெரியும். பதிலுக்குக் கிண்டல் செய்வதை நிறுத்துவார். தொப்பியைக் கழற்றமாட்டார். போட்டோ என்றால் கண்ணாடியைக் கழற்றுவார். டீக்கடையில் சிரித்தவர், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அதே "சொட்டை"யைக் கேட்டால் தலைகுனிவார்.

அப்போது "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லாதீர்கள். அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு, அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். அல்ஹுஜுராத் 49:11 தடுப்பதும் ஏளனத்தையும் பட்டப்பெயரையும்தான்.