செம்பட்டையும் செம்முடியும்: மரபியல் நடத்த வரும் இளம் ஆசிரியர்களுக்கு

1. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, மெண்டலின் பட்டாணியை முடித்த கையோடு வெள்ளைக்காரரின் செம்முடியை ஒடுங்கு பண்புக்கு உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். அது பாதிதான் உண்மை. 16ஆம் குரோமோசோமில் உள்ள எம்.சி.1ஆர் என்ற ஜீன், நிறமிச் செல்லின் மேல் ஓர் ஏற்பியை உண்டாக்குகிறது. ஏற்பி நன்றாக வேலை செய்தால் கறுப்பு மெலனின் உருவாகும். தளர்ந்தால் செம்மஞ்சள் மெலனின் மிஞ்சும். செம்முடிக்காரர்களிடம் இந்த ஜீன் மாறியிருப்பதை 1995இல் கண்டறிந்தார்கள்.

2. அப்படியானால் மாறிய பிரதிகள் இரண்டு இருந்தால் செம்முடிதானே என்று மாணவர் கேட்பார். பிரிட்டனில் சுமார் மூன்றரை லட்சம் பேரின் தரவை வைத்து 2018இல் வந்த ஆய்வைச் சொல்லுங்கள். மாறிய பிரதிகள் இரண்டு உள்ளவர்களிலேயே பெரும்பாலோருக்குப் பொன்னிற முடியோ இளம்பழுப்பு முடியோதான். மாற்றங்களில் வலுவானவையும் உண்டு, மெலிந்தவையும் உண்டு; போதாததற்கு வேறு எட்டு இடங்களில் உள்ள ஜீன் வேறுபாடுகளும் கைவைக்கின்றன. ஒரே ஒரு பிரதி மாறியவரும் சும்மா இருப்பதில்லை: முடி சிவக்காவிட்டாலும் முகத்தில் புள்ளிகள் விழலாம், வெயிலில் தோல் சீக்கிரம் கன்றலாம். இதை ஓங்கு, ஒடுங்கு என்ற இரண்டு பெட்டிக்குள் அடக்க முடியாது.

3. நம்மூர்ச் செம்பட்டையை இதோடு குழப்பாதீர்கள். மாசி மகத்துக்குப் பூவராகர் தீர்த்தவாரிக்குப் போகும் கிள்ளைக் கடற்கரையில் பாருங்கள்: வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கும் பிள்ளைகளுக்கு நுனி பழுத்திருக்கும், வேர் கறுத்திருக்கும். புரதச்சத்துக் குறைந்த குழந்தைக்கு முடி மெலிந்து வெளுக்கும். இடையில் சாப்பாடு சீரானால் ஒரே முடியில் வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையாகத் தெரியும். அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் ஜீனைப் பேசாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பிறவிச் செம்முடி வேரிலிருந்தே சிவந்து வளரும்.

4. தோல் நிறத்துக்குக் கணக்குப் போட்டே காட்டுங்கள். சம பலமுள்ள மூன்று ஜீன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பிரதி, ஒரு வெளுப்புப் பிரதி. தாய் தகப்பன் இருவரும் அப்படியே இடைநிறம். 64 சேர்க்கைகளில் முழுக் கறுப்பு 1, முழு வெளுப்பு 1, பெற்றோரைப் போலவே 20. மீதி 42 இடைப்பட்ட சாயல்கள். ஒரே வீட்டில் அக்கா மாநிறமாகவும் தம்பி கறுப்பாகவும் இருப்பதற்கு இதுவே போதும். அந்தத் தாயைச் சந்தேகப்பட்டுப் பேசுகிற வாய்களுக்கும் இதுதான் பதில்.

5. நிஜத்தில் ஜீன்கள் சம பலமுள்ளவை அல்ல. தென்னிந்தியரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், எஸ்.எல்.சி.24ஏ5 என்ற ஒரே ஜீனின் ஓர் எழுத்து மாற்றம் தோல் நிற வேறுபாட்டில் சுமார் 27 சதவீதத்தை விளக்கியது. ஒற்றை ஜீனுக்கு அது பெரிய பங்கு. மீதியில் பல ஜீன்களும் வெயிலும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே அந்த ஓர் எழுத்தை மட்டும் படித்து, பிறக்கப்போகும் பிள்ளையின் நிறத்தை யாராலும் சொல்ல முடியாது.