டிராக்கிங் கோளாறுக்காக விளம்பரத்தை நிறுத்தினால், வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

ஆன்லைன் துணிக்கடை ஒன்றுக்குக் கூகுள் விளம்பரம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன வாரம் விளம்பரம் மூலம் 84 ஆர்டர் வந்ததாகக் கூகுள் ஆட்ஸ் காட்டுகிறது. கடையின் ஆர்டர் பட்டியலில் மொத்தமே 60; அதில் விளம்பரம் வழி வந்தவை 42.

1. காரணத்தை உறுதி செய்யுங்கள்

காரணம் இப்படி இருக்கலாம்: பொருள் வாங்கியவர் பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க, ‘நன்றி’ பக்கத்தைத் திரும்பத் திறக்கிறார். டேக்கில் ஆர்டர் எண் இல்லாததால், ஒவ்வொரு முறையும் புது விற்பனையாகப் பதிவாகிறது. நீங்களே ஒரு ஆர்டர் போட்டு, பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து, Tag Assistant-இல் பாருங்கள். `transaction_id` காலியாக இருந்தால் காரணம் அதுதான். இதைப் பார்க்காமல் செய்தியை அனுப்பாதீர்கள்.

2. நட்டத்தை ரூபாயில் சொல்லுங்கள்

“தரவு பிழையாக உள்ளது” என்று எழுதினால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. அவர் பணம் எங்கே போகிறது என்பதை எழுதுங்கள்:

“வணக்கம் சார். ஒரே ஆர்டர் இரண்டு முறை எண்ணப்படுகிறது. 10,000 ரூபாய் செலவுக்கு 40,000 ரூபாய் விற்பனை என்று கூகுள் நினைக்கிறது. உண்மையில் வந்தது 20,000 ரூபாய். இந்தத் தப்புக் கணக்கை நம்பித்தான் அது ஏலத்தில் விலையைக் கூட்டுகிறது. அதனால் விற்பனையை வைத்துத் தானாக ஏலம் கேட்கும் கேம்பெய்ன்களை மட்டும் இன்று காலை நிறுத்தியிருக்கிறோம். கடைப் பெயரைத் தேடுபவர்களுக்கான விளம்பரம், அதன் ஏல விலையை நாங்களே வைப்பதால், வழக்கம்போல ஓடும்.”

எவை ஓடுகின்றன என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முழுக் கடையும் இருட்டில் கிடக்கிறதோ என்ற பயம் அதில்தான் தீரும்.

3. அடுத்து நடப்பதை வரிசையாக எழுதுங்கள்

“டெவலப்பர் டேக்கில் ஆர்டர் எண்ணைச் சேர்ப்பார். இரண்டு சோதனை ஆர்டர் போட்டு, எண்கள் வேறு வேறாக வருகின்றனவா என்று பார்ப்போம். தப்பாகப் பதிவான நாட்களைக் கூகுள் கணக்கில் எடுக்காதபடி Data exclusions-இல் குறித்துவிட்டு, கேம்பெய்ன்களைத் திரும்ப ஓட விடுவோம்.”

சோதனைக்கு ஒரு ஆர்டர் போதாது. டெவலப்பர் மாதிரிக்கு எழுதிய ஒரே எண்ணை அப்படியே விட்டுவிட்டால், எல்லா விற்பனையும் ஒன்றாகச் சுருங்கிவிடும். இரண்டாவது ஆர்டரில்தான் அது தெரியும்.

4. குறையப்போகும் எண்ணை முன்கூட்டியே சொல்லுங்கள்

திரும்ப ஓடத் தொடங்கியதும் ரிப்போர்ட்டில் விற்பனை பாதியாகத் தெரியும். முன்பே சொல்லாவிட்டால், நீங்கள் கைவைத்ததால் வியாபாரம் படுத்துவிட்டது என்றே கடைக்காரர் நினைப்பார். “முதல் சில நாட்கள் ஏற்ற இறக்கம் இருக்கும். ரிப்போர்ட்டில் எண் குறையும். உங்கள் ஆர்டர் பட்டியலோடு ஒப்பிட்டுத் தினமும் மாலை அனுப்புகிறேன்” என்று எழுதுங்கள். டெவலப்பரிடம் கேட்டு, வேலை முடியும் நாளையும் குறிப்பிடுங்கள். அது தள்ளிப்போனால், கடைக்காரர் கேட்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.