கடைசி விலையைப் பாருங்கள்

கிண்டி ரேஸில் புக்கியிடம் 10 முறை கட்டி, 3 ஜெயித்து லாபத்தில் இருக்கிறேன். கணிக்கும் திறமை வந்துவிட்டதா?
– வாசகர், திருவொற்றியூர்

இந்தப் பத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஜெயிக்க 20 சதவீத வாய்ப்பே உள்ள குதிரைகள்மேல் ஒன்றுக்கு மூன்று விலையில் கட்டினாலும், மூன்றில் ஒருவருக்கு உங்களைப் போல லாபம் வரும். ஆனால் நாள்பட நூறு ரூபாய்க்கு இருபது கரையும்.

ஒரு நோட்டில் நீங்கள் கட்டிய விலையையும், குதிரைகள் கிளம்பும்போது புக்கியின் பலகையில் நின்ற கடைசி விலையையும் எழுதுங்கள். விவரம் தெரிந்தவர்களின் பணமும் அதற்குள் இறங்கியிருக்கும். நாலுக்குக் கட்டியது மூன்றில் முடிந்தால், குதிரை தோற்றாலும் நீங்கள் பார்த்தது சரி. மூன்றுக்குக் கட்டியது நாலாக ஏறிவிட்டால், ஜெயித்தாலும் அது அதிர்ஷ்டம்தான்.

கடைசி விலையிலும் புக்கியின் லாபம் கலந்திருப்பதால் நூலிழை முந்தினால் போதாது. நூறு பந்தயம் எழுதிவிட்டுப் பாருங்கள்.