பிரான்சைஸ் எடுப்பதா, சொந்தப் பெயரில் பேக்கரி வைப்பதா?

வளைகுடாவில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ரூ.9 லட்சம் சேமிப்பு இருந்தது. பிரபலமான ஒரு பேக்கரி நிறுவனத்தின் பிரான்சைஸ் கிளையை எடுக்கப் பேசி முடித்திருந்தார். மொத்தச் செலவு ரூ.11.5 லட்சம். குறைகிற ரூ.2.5 லட்சத்துக்கு மனைவியின் நகையை வங்கியில் வைக்கலாம் என்று நினைத்தார். வட்டி என்பதால் மனம் ஒப்பவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார வைத்தோம். அந்தக் கணக்கு மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் கேள்வி: நூறு ரூபாய்க்கு விற்றால் கடைக்காரர் கையில் எவ்வளவு நிற்கும்?

அந்த நிறுவனம் சரக்கை விற்பனை விலையில் 28 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறது. நூறு ரூபாய் விற்பனையில் 28 ரூபாய் கிடைப்பதுபோல் தெரியும். ஆனால் விற்பனையில் 4 சதவீதத்தை ராயல்டியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். விற்காமல் தேதி முடிந்த சரக்கை நிறுவனம் திரும்ப எடுக்காது. அதில் நூற்றுக்கு 4 ரூபாயாவது போகும். ஆக, நிற்பது 20 ரூபாய்தான்.

இனி மாதச் செலவு. வாடகை ரூ.15,000, இரண்டு பேர் சம்பளம் ரூ.26,000, கரண்ட் ரூ.9,000, மற்றவை ரூ.4,000. மொத்தம் ரூ.54,000. நூற்றுக்கு 20 நிற்கும் கடையில் இந்தச் செலவை அடைக்க மாதம் ரூ.2,70,000, அதாவது தினமும் ரூ.9,000 விற்க வேண்டும். இது கடை நஷ்டமில்லாமல் ஓடுவதற்கு மட்டும். வீட்டுச் செலவுக்கு ரூ.20,000 எடுக்க வேண்டுமானால் தினமும் சுமார் ரூ.12,300 விற்றாக வேண்டும்.

தினமும் ரூ.15,000 சுலபமாகப் போகும் என்று நிறுவனத்தின் ஆள் சொல்லியிருந்தார். அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அதே நிறுவனத்தின் கிளை, நம் ஊரைப் போன்ற பக்கத்து ஊரில் இருந்தது. காலையில் கடை திறந்ததும் ஒரு பன் வாங்கி பில் எடுக்க வேண்டும். இரவு மூடும் நேரத்தில் இன்னொரு பில் எடுக்க வேண்டும். இரண்டு பில் நம்பருக்கும் உள்ள வித்தியாசமே அன்று வந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை. சகோதரர் ஒரு சாதாரண நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய் வந்தார். சராசரி 150 பில். சிறிது நேரம் கடையில் நின்று பார்த்ததில் ஒருவர் வாங்குவது ஏறக்குறைய ரூ.60. பெருக்கினால் ரூ.9,000. கடை ஓடும், குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நகைக்கடனை எதைக் கொண்டு அடைப்பது?

ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்தோம். பிராண்டுக் கட்டணம் ரூ.2 லட்சம் எக்காரணம் கொண்டும் திரும்ப வராது. ஐந்து வருடம் முடிந்ததும் புதுப்பிக்க மறுபடியும் கட்டணம் உண்டு. அடுத்த தெருவில் இன்னொரு கிளை கொடுக்கமாட்டோம் என்ற வாசகம் எங்குமே இல்லை. அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், முழு விவரங்களை 14 நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் பொருந்தும். கேட்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே நாம்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

சரக்கு விஷயத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. பிரான்சைஸ் கடையில் எதை விற்பது என்று நாம் தீர்மானிக்க முடியாது. சில கேக்குகளில் ஜெலட்டின் இருக்கும். டிசம்பரில் ரம்மில் ஊறவைத்த பழங்களுடன் பிளம் கேக் வரும். அவற்றை வைக்க மறுக்கும் உரிமையை எழுத்தில் கேட்டபோது நிறுவனம் தரவில்லை.

அப்படியானால் சொந்தப் பேக்கரிதான் சரியா? அங்கும் அதே கணக்கைப் போட்டோம். நாமே தயாரித்தால் மைதா, சர்க்கரை, நெய், முட்டை, பேக்கிங் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 50 போகும். கேஸுக்கு 5, வீணாவதில் 8. நிற்பது 37 ரூபாய். பிரான்சைஸைவிட நல்ல தொகை. ஆனால் நல்ல மாஸ்டருக்கு ரூ.30,000, உதவியாளர், கவுண்டர் ஆள், வாடகை, கரண்ட் என்று மாதச் செலவு ரூ.87,000 ஆகிறது. இதை அடைக்க தினமும் சுமார் ரூ.7,850 விற்க வேண்டும்.

ஆபத்து முதல் சில மாதங்களில் இருக்கிறது. ஓவன், மாவு பிசையும் மெஷின், ஷோகேஸ், கடை அட்வான்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் ரூ.7.4 லட்சம் போய்விட்டால் கையிருப்பு ரூ.1.6 லட்சம்தான். பெயர் தெரியாத புதுக்கடைக்கு ஆரம்பத்தில் ரூ.4,500 விற்பனை வந்தாலே பெரிது. அப்போது மாதம் ரூ.37,000 கையை விட்டுப் போகும், வீட்டுச் செலவு தனி. மூன்று மாதம் முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடும். இதற்கிடையில் மாஸ்டர் வேறு கடைக்குப் போனால் ஓவன் சும்மா கிடக்கும். நல்ல சரக்குப் போட்ட பல கடைகள் இப்படித்தான், வாடிக்கையாளர் பழகுவதற்கு முன்பே மூடப்படுகின்றன.

பிரான்சைஸில் லாப விகிதம் போதவில்லை. சொந்தப் பேக்கரியில் கையிருப்பு போதவில்லை. இரண்டையும் பார்த்த பிறகு சகோதரர் மூன்றாவதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சொந்தப் பெயரில் சிறிய கடை. பிரெட், பன், ரஸ்க், பிஸ்கட் ஆகியவற்றை மொத்த பேக்கரியிலிருந்து வாங்கி விற்பது. விற்காத பிரெட்டை அவர்களே திரும்ப எடுப்பதாகப் பேசி எழுதிக்கொண்டார். பப்ஸ், தேங்காய் பன், டீ கேக், பட்டர் பிஸ்கட் என்று நான்கு சரக்கை மட்டும் கடையில் போடுவது. கூடவே டீ. கடை திறப்பதற்கு முன் இரண்டு மாதம் உறவினர் ஒருவரின் பேக்கரியில் நின்று, அந்த நான்கையும் தானே போடக் கற்றுக்கொண்டார். உதவி மாஸ்டர் ஒருநாள் வராவிட்டாலும் கடை நிற்காது.

பழைய ஓவனோடு எல்லாமாகச் செலவு ரூ.5 லட்சம். ரூ.4 லட்சம் கையில் இருந்தது. நூற்றுக்கு 32 நிற்கிறது, மாதச் செலவு ரூ.52,000. ஆகவே தினமும் ரூ.5,400 விற்றால் நஷ்டமில்லை. ரூ.4,000தான் விற்கிறது என்றாலும், வீட்டுக்கு ரூ.20,000 எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். புதுக்கடை ஊருக்குப் பழக அவ்வளவு அவகாசம் தேவை.

கடை திறந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது விற்பனை ரூ.5,800 என்று சொல்கிறார். செலவு அடைகிறது, வீட்டுச் செலவுக்கு இன்னும் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுக்கிறார். பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டோம். நகை வீட்டில் இருக்கிறது, கடன் இல்லை, விற்பனை மாதாமாதம் ஏறுகிறது.

பிரான்சைஸ் எல்லோருக்கும் ஆகாது என்பதல்ல இதன் பொருள். பேருந்து நிலையம் போன்ற இடத்தில் கடை கிடைத்து, அதே போன்ற கிளையில் தினமும் 250 பில் ஓடுவதை நீங்களே எண்ணிப் பார்த்திருந்து, கடன் இல்லாமல் முழுத் தொகையும் கையில் இருந்து, ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாக இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். ஒப்பந்த நகலையும் நீங்கள் எடுத்த பில்களையும் கொண்டு வந்தால், உட்கார்ந்து கணக்குப் பார்க்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.