கடைப் பக்கம் நடத்தப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் ஹார்டுவேர்ஸ் கடையின் இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் என் அக்கா மகள் கையில். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளுடைய தோழிகள் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கடைகளுக்கும் இதைச் செய்யப் போகிறார்களாம். அவர்களுக்குத்தான் இது.

1. சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பதிவு போடாதீர்கள். போன மார்கழியில் "ஹீட்டர் லைனுக்கு பைப் வந்தாச்சு" என்று ஒரு ரீல் போட்டாள். படத்தில் இருந்ததோ வெள்ளை யூபிவிசி. அது பச்சைத் தண்ணீருக்கு. 60 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது. வெந்நீருக்கு இளமஞ்சள் சிபிவிசி, 93 டிகிரி வரை தாங்கும். ஒருவர் போனில் அந்த ரீலைக் காட்டி "இதேதான்" என்று கேட்டார், கடைப் பையனும் எடுத்துக் கொடுத்துவிட்டான். பத்தே நாளில் கீசருக்கு மேலே பைப் தொய்ந்து, எல்போவில் கசிய ஆரம்பித்தது. பில்லோடு வந்து நின்றார். பைப் காசும் பிளம்பர் கூலியும் நான்தான் கொடுத்தேன்.

"ரெண்டும் பைப்புதானே மாமா?" என்றாள். குடோனுக்குக் கூட்டிப்போய் பைப்பின் மேல் அச்சடித்த வரியை வாசிக்கச் சொன்னேன். ரகம், அளவு எல்லாம் அதிலேயே இருக்கிறது. பழைய ரீலைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று பார்த்தாள், நான் விடவில்லை. பார்த்துவிட்டு வாங்கப் போகிறவர் இன்னும் எத்தனை பேரோ! இரண்டு பைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "முன்னே போட்டது தப்பு" என்று சொல்லி மறுபடி எடுத்தாள். ஒட்டுகிற சால்வென்டும் ரெண்டுக்கும் வேறு வேறு என்பதை அவளே விசாரித்துச் சேர்த்தாள்.

2. விலை போட்டால் தேதியும் போடுங்கள். கம்பெனிக்காரன் லிஸ்டை மாற்றுவான், பழைய படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

3. வாட்ஸாப் பிராட்காஸ்ட், நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். பில் போடும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லிக் கொடுத்தது அவள்தான், நான் இல்லை.

4. அளவு கேட்பவரிடம் படம் கேளுங்கள், பக்கத்தில் ஸ்கேலும் வைக்கச் சொல்லுங்கள். அரை இஞ்ச் இரும்புக் குழாயை வெளியே அளந்தால் 21 மில்லிமீட்டர் வரும். அதைப் பார்த்துவிட்டு "முக்கால் இஞ்ச் எல்போ வேணும்" என்று எழுதுவார்கள். அப்படியே எடுத்து வைத்தால் மறுநாள் திரும்பி வரும். நேற்று ராத்திரி ஒருவர் ஸ்கேல் இல்லையென்று தீப்பெட்டியை வைத்து அனுப்பியிருந்தார். எனக்கு முன்னால் அவளே பதில் போட்டுவிட்டாள்: "அண்ணா, உங்களுக்கு அரை இஞ்ச்தான்."