இரட்டைக் கட்டணமும் ஈடுசெய்யும் வழியும்

கேள்வி: பிராட்பேண்ட் திட்டத்தை மாதத்தின் நடுவில் மாற்றினேன், பழைய, புதிய சந்தா இரண்டுக்கும் பில் வந்துள்ளது. எப்படி எழுதிக் கேட்பது?
- ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: சந்தா முன்கூட்டியே வசூலிக்கப்படுவதாலும், பழைய திட்டத்தை முடிக்கும் பதிவு கணக்கில் ஏறாமலே புதியது தொடங்கிவிடுவதாலும் நேர்கின்ற பிழை இது. இரண்டு பில்களிலும் காலவரம்பைப் பாருங்கள். ஒரே தேதிகள் இரண்டிலும் இருந்தால் அதுவே பிரமாணம். உதாரணமாக, முப்பது நாள் மாதத்துக்கு வரி நீங்கலாக 600 ரூபாய் செலுத்தி, 11ஆம் தேதி திட்டம் மாறியிருந்தால், எஞ்சிய இருபது நாளுக்குரிய 400 ரூபாயும், பலரும் கேட்க மறந்துவிடுகிற 18 சதவீத ஜி.எஸ்.டி.யான 72 ரூபாயும் சேர்ந்து 472 ரூபாய் உங்களுக்கு வரவேண்டும்.

"கணக்கைச் சரிசெய்க" என்று பொதுவாக எழுதாமல், திட்டம் மாறிய தேதியையும் இந்தத் தொகையையும் குறிப்பிட்டு, அடுத்த பில்லில் கழிக்கும்படி கேட்டு, புகார் எண்ணைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் வாய்மொழி வாக்குறுதி பிற்பாடு எதற்கும் உதவாது. தீர்வு திருப்தி தராவிட்டால், டிராய் 2012இல் வகுத்த விதிகளின்படி, அந்த நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முப்பது நாட்களுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டுக்குப் பின்னும் நியாயம் கிட்டாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை அது விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்துள்ளது.